மெல்ல நிறையும் மின்கலம்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் நண்பரான பேராசிரியர் ஒருவர் தம் தந்தையாரை மருத்துவப் பரிசோதனைக்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குக் காரில் அழைத்துச் சென்றார். வழி காட்டும் பொறுப்பைக் கைப்பேசியிடம் ஒப்படைத்திருந்தார். மருத்துவரைக் காணும் நேரம் குறித்து வந்த குறுஞ்செய்தி, முந்தைய பரிசோதனை அறிக்கைகளின் படங்கள், கட்டணம் செலுத்தும் வசதி ஆகிய யாவும் அதே கைப்பேசியில்தான் இருந்தன. புறப்படும் வேளையில் அதன் மின்கலத்தில் 30 விழுக்காடு மின்னேற்றமே இருந்தது. ஆறு மணி நேரப் பயணம், காரிலோ யு.எஸ்.பி. துளை இருக்கிறது, சென்னை சேர்வதற்குள் முழுதும் நிறைந்துவிடும் என்று எண்ணிக் கம்பியைச் செருகிவிட்டுப் புறப்பட்டார்.

கைப்பேசித் திரையில் மின்னேற்றக் குறி வழியெங்கும் ஒளிர்ந்துகொண்டேதான் இருந்தது. ஆயினும் பெரம்பலூரைக் கடக்கையில் 26 என்றும், விழுப்புரத்தில் 20 என்றும் எண்ணிக்கை இறங்கியது. மருத்துவமனை வாயிலில் காரை நிறுத்தியபோது 8 விழுக்காடே எஞ்சியிருந்தது. பதிவு மேசையின்முன் வரிசையில் நின்றபோது கைப்பேசி அணைந்துவிட்டது. குறுஞ்செய்தியையும் காட்ட இயலவில்லை. அறிக்கைகளையும் காட்ட இயலவில்லை. முதியவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு, மின்னேற்றம் செய்ய இடம் தேடி அவர் அலைந்ததில், குறித்த நேரம் கடந்து போயிற்று. அன்று மாலைவரை காத்திருந்த பின்னரே மருத்துவரைக் காண முடிந்தது.

ஊர் திரும்பியதும் பழுது பார்க்கும் கடைக்குச் சென்றார். கடைக்காரர் முதலில் கம்பியை மாற்றச் சொன்னார். புதுக் கம்பியை வாங்கிக் காரில் செருகிப் பார்த்தும் பயனில்லை. "அப்படியானால் பேட்டரிதான் போய்விட்டது சார், மாற்றிவிடலாம்" என்றார் கடைக்காரர். அதற்குச் சம்மதிக்கும் முன் நண்பர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வீட்டில் சுவரில் செருகினால் இரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிற பேட்டரி, காரில் மட்டும் எப்படிப் போய்விடும்?"

அவர் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது. மின்கலம் பழுதுற்றிருந்தால் வீட்டிலும் அது தன் குறையைக் காட்டியிருக்கும். கைப்பேசி ஒன்றே, கம்பி ஒன்றே. மாறியது துளை மட்டுமே. ஆகவே துளையைத்தான் ஆராய வேண்டும்.

துளை பிறந்த கதை

யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் முதல் விதித்தொகுப்பு 1996-இல் வெளிவந்தது. வடோதராவில் பயின்று, பின்னர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் இதன் உருவாக்கத்தில் முன்னின்றவர். கணினியுடன் விசைப்பலகை, சுட்டெலி, அச்சுப்பொறி போன்றவற்றை வெவ்வேறு வடிவத் துளைகளில் பொருத்தி அல்லலுற்ற நிலையை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்னும் ஒழுங்கைக் கொணர்வதே அதன் நோக்கமாக இருந்தது. தகவலைக் கடத்துவதே அதன் தலையாய பணி. உடன் சிறிது மின்சாரமும் வழங்கப்பட்டது. சுட்டெலிக்கும் விசைப்பலகைக்கும் தனியே ஒரு மின்னேற்றி வேண்டாமே என்பதற்காக.

அந்தச் சிறிது என்பது எவ்வளவு? மின்னழுத்தம் 5 வோல்ட். மின்னோட்டமோ, செருகிய கருவி தன்னை இன்னதென்று கணினிக்கு அறிவிக்கும் முன் 100 மில்லி ஆம்பியர். அறிவித்து இசைவு பெற்ற பின் 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர். 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இந்த வரம்பு மாறவில்லை. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு 900 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தியது. சுட்டெலிக்கு இது கடலளவு. இன்றைய கைப்பேசிக்கோ குவளையளவுதான்.

தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் இருக்கும் துளையும், காரின் பாட்டுப்பெட்டியில் இருக்கும் துளையும் இந்த மரபில் வந்தவையே. பென்டிரைவில் உள்ள பாட்டையும் படத்தையும் படிப்பதற்காகவே அவை வைக்கப்பட்டன. பென்டிரைவுக்கு அரை ஆம்பியரே மிகுதி. ஆதலால் அவற்றைச் செய்பவரும் அதற்கு மேல் தரும் உறுப்புகளை உள்ளே வைப்பதில்லை. தொலைக்காட்சியின் பின்புறத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தால் துளையின் அருகே 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று பொறித்திருப்பதைப் பல பெட்டிகளில் காணலாம். சில பெட்டிகளில் வன்தட்டுக்கென்று குறியிட்ட வேறொரு துளையும் உண்டு; அது சற்றுக் கூடுதலாகத் தரும்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். காரின் 12 வோல்ட் மின்கலத்துக்கும் இயந்திரத்தோடு சுழலும் மின்னாக்கிக்கும் கைப்பேசி ஒன்று பொருட்டே அன்று; முகப்பு விளக்கு ஒன்றே 50 வாட்டுக்கு மேல் உண்பது உண்டு. தொலைக்காட்சியும் சுவரிலிருந்து பல பத்து வாட்டுகளை வாங்குகிறது. மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அந்தத் துளையில் மட்டுமே.

கேட்டுப் பெறும் கைப்பேசி

இந்தப் பொருளில் பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் செய்தி ஒன்று உண்டு. இரண்டு ஆம்பியர் அடாப்டர் என்றால் அது இரண்டு ஆம்பியரையும் கைப்பேசிக்குள் தள்ளிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாறு அன்று. எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வது கைப்பேசியே. அதனுள் இருக்கும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுச் சில்லு முதலில், "இங்கே எவ்வளவு கிடைக்கும்?" என்று அறிந்துகொள்கிறது, பிறகு அந்த அளவுக்குள் நின்று எடுக்கிறது. வீட்டாரின் வசதியறிந்து உண்ணும் நல்ல விருந்தாளியைப் போன்றது அது.

எப்படி அறிந்துகொள்கிறது? வழக்கமான யு.எஸ்.பி. கம்பிக்குள் நான்கு இழைகள் உண்டு. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. கைப்பேசி அந்தத் தகவல் இழைகளைத் தொட்டுப் பார்க்கிறது. எதிர்முனையில் கணினியோ தொலைக்காட்சியோ பாட்டுப்பெட்டியோ இருந்தால் அந்த இழைகள் தகவல் பேச ஆயத்தமாக இருக்கும். அதைக் கண்ட கைப்பேசி, இது தகவல் துளை, இங்கே அரை ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது என்று அடங்கிவிடுகிறது. சுவர் அடாப்டரிலோ பேசுவதற்கு யாரும் இல்லை. பச்சை, வெள்ளை இழைகள் இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டிருக்கும். அவை சேர்ந்திருப்பதே ஓர் அடையாளம். 2007-இல் முதலில் வெளியாகி 2010-இல் திருத்தப்பட்ட மின்னேற்ற விதிகள் இந்த அடையாளத்தைப் பொதுவாக்கின. இழைகள் சேர்ந்திருக்கக் கண்டால், இது மின்னேற்றத்துக்கென்றே அமைந்த அடாப்டர் என்று உணர்ந்து, கைப்பேசி ஒன்றரை ஆம்பியர்வரை எடுக்கத் தொடங்குகிறது. தகவலும் பேசி, ஒன்றரை ஆம்பியரும் தரும் இடைப்பட்ட துளை வகை ஒன்றையும் அவ்விதிகள் வகுத்தன. அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் அது உண்டு.

தலைகீழாகச் செருகினாலும் பொருந்தும் 'சி' வகைத் துளை 2014-இல் வந்தது. அதில் இந்த விசாரணைக்கென்றே தனி முனைகள் உள்ளன. பழைய அளவு, ஒன்றரை ஆம்பியர், மூன்று ஆம்பியர் ஆகிய மூன்றில் எது கிடைக்கும் என்று தருபவரே அறிவித்துவிடுகிறார். அதற்கும் மேலே 9 வோல்ட், 15 வோல்ட் என்று அழுத்தத்தையே உயர்த்திக் கேட்கும் பேச்சும் நடைபெறலாம். 33 வாட், 67 வாட் என்று விளம்பரங்களில் காணும் அடாப்டர்கள் இத்தகைய தனிப்பேச்சில் வல்லவை. பேச்சு மொழி பொருந்தாத வேறொரு துளையில் செருகினால் அதே கைப்பேசி பழைய சில வாட்டுகளுக்கு இறங்கிவிடுவது இதனால்தான்.

நண்பரின் கணக்கு

இனி நண்பரின் பயணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அவர் கைப்பேசியின் மின்கலம் 5000 மில்லி ஆம்பியர் மணி. அதன் சராசரி அழுத்தம் 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட் மணி வருகிறது. தொட்டியின் கொள்ளளவு இது. காரின் துளை தந்தது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். கம்பியிலும் கைப்பேசியினுள் நிகழும் அழுத்த மாற்றத்திலும் சிறிது வெப்பமாக வீணாகும். எனவே பயன்பட்டது 2.3 வாட்டுக்கு மிகாது என்று கொள்ளலாம்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். கோடை வெயிலில் கண்ணுக்குத் தெரிய வேண்டித் திரையின் ஒளியை முழுதும் கூட்டி வைத்திருந்தார். செயற்கைக்கோள் வழி இடமறியும் பகுதியும் இணையத் தொடர்பும் ஓயாமல் இயங்கின. இத்தகைய நிலையில் கைப்பேசி 3 வாட் அளவுக்குச் செலவிடுவது இயல்பு. வரவு 2.3, செலவு 3. ஒவ்வொரு மணிக்கும் 0.7 வாட் மணி மின்கலத்திலிருந்தே ஈடுகட்டப்பட்டது. ஆறு மணி நேரத்தில் 4.2 வாட் மணி. அது 19-இல் 22 விழுக்காடு. 30-லிருந்து 22 போக மீதி 8. மருத்துவமனை வாயிலில் அவர் கண்ட எண் அதுவேதான்.

மின்னேற்றக் குறி மட்டும் ஒளிர்ந்ததேன் என்று கேட்கலாம். மின்சாரம் உள்ளே வருகிறது என்பதை மட்டுமே அக்குறி சொல்லும். வருவது போதுமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் வேறொரு அறிகுறி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில், செருகியவுடன் பூட்டுத்திரையின் அடியில் "Charging slowly" என்ற வரி தோன்றும். நாம் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. நண்பரும் படித்ததில்லை.

வழிகாட்டும் வேலையை நிறுத்தித் திரையை அணைத்து வைத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது செலவு மிகக் குறைவு, வரும் 2.5 வாட்டில் ஏறத்தாழ 2.1 வாட் மின்கலத்துக்குள் சேரும். ஒரு மணிக்கு 11 விழுக்காடு ஏறும். வெறுமையான மின்கலம் நிறைய ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் எளிய சுவர் அடாப்டர் 10 வாட் தருகிறது. அதில் மணிக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். நிறையும் தறுவாயில் மட்டும் கைப்பேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசிச் சில விழுக்காடுகள் எந்த அடாப்டரிலும் மெல்லவே ஏறும்.

எது குற்றவாளி என்று அறிவது

இந்தக் கணக்கே சோதனைக்கும் உதவும். கைப்பேசியின் மின்கலம் 30 அல்லது 40 விழுக்காட்டில் இருக்கும்போது திரையை அணைத்து, ஐயத்துக்குரிய துளையில் அரை மணி நேரம் செருகி வையுங்கள். பிறகு அதே கம்பியைக் கொண்டு சுவர் அடாப்டரில் அரை மணி நேரம். துளையில் 5 அல்லது 6 விழுக்காடும், அடாப்டரில் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் ஏறினால், கைப்பேசியும் கம்பியும் குற்றமற்றவை. துளையின் வரம்பே காரணம். இரண்டிலும் மெல்லவே ஏறினால் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். நல்ல கம்பியிலும் நல்ல அடாப்டரிலும் மெல்ல ஏறினால்தான் கைப்பேசியின் துளையில் அடைந்த பஞ்சையும், அதன் பிறகு மின்கலத்தையும் ஐயுற வேண்டும்.

கம்பியின் பங்கு குறித்து ஒரு சொல். மெல்லிய கம்பியைக் கடைக்காரர் குறை சொல்வது முற்றிலும் பொய் அன்று. ஆனால் அவர் சொன்ன இடம் தவறு. மலிவான கம்பிகளில் மின்சார இழைகள் மிக மெல்லியவை. ஒரு மீட்டர் நீளத்தில் போக வர இரு இழைகளுக்குமாக ஏறத்தாழ 0.4 ஓம் தடை இருக்கக்கூடும். சுவர் அடாப்டரிலிருந்து 2 ஆம்பியர் பாய்ந்தால் அதில் 0.8 வோல்ட் இழப்பாகும். 5 வோல்ட் 4.2 ஆகிவிடும். அழுத்தம் தாழ்வதை உணர்ந்த கைப்பேசி தான் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் காரின் துளையில் அரை ஆம்பியர் மட்டுமே பாய்கையில் இழப்பு 0.2 வோல்ட்தான். அங்கே தடித்த கம்பி வாங்குவதால் பெறும் நன்மை மிகச் சொற்பம். நண்பர் வாங்கிய புதுக் கம்பி காரில் பயன் தராததற்கும், வீட்டில் சிறிது பயன் தந்ததற்கும் இதுவே விளக்கம்.

காரில் வேறொரு காரணமும் குறுக்கிடலாம். முகப்புக் கண்ணாடியின் கீழ் வெயில் படும்படி வைத்த கைப்பேசி சூடேறினால், மின்கலத்தைக் காக்கும் பொருட்டு மின்னேற்றத்தைத் தானே குறைத்துவிடும், சில வேளை நிறுத்தியும் விடும். எவ்வளவு நல்ல அடாப்டரும் அப்போது உதவாது. தொட்டுப் பார்த்தாலே தெரியும். குளிர்காற்று வரும் வாய்க்கருகே பொருத்துவது போதும்.

குறுக்கு வழியும் நேர் வழியும்

தகவல் இழைகளைப் பார்த்துத்தான் கைப்பேசி அடங்குகிறது என்றால், அந்த இழைகளைக் கம்பிக்குள்ளேயே சேர்த்து வைத்துவிட்டால் என்ன என்று மாணவர் சிலர் கேட்பர். மின்னேற்றத்துக்கு மட்டும் என்ற பெயரில் விற்கும் கம்பிகள் சிலவும், சிறு இடைச்செருகிகள் சிலவும் அதைத்தான் செய்கின்றன. கைப்பேசி ஏமாந்து ஒன்றரை ஆம்பியர் எடுக்க முயலும். துளையில் இருப்பு இருந்தால் வேகம் கூடும். இல்லையேல் அழுத்தம் சரியும். அல்லது துளையைக் காக்கும் மின்தடுப்பு உறுப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும். மின்னேற்றக் குறி தோன்றித் தோன்றி மறைந்தால் அதுதான் நடக்கிறது என்று பொருள். நன்கு செய்த துளைகள் இதைத் தாங்கும். எல்லாத் துளைகளும் நன்கு செய்தவை என்று நம்புவதற்கில்லை. தொலைக்காட்சியில் அந்தத் துளை தாய்ப்பலகையோடு சேர்ந்தது. சில நூறு ரூபாய் அடாப்டரை மிச்சப்படுத்தப் பல ஆயிரம் ரூபாய்ப் பலகையைப் பணயம் வைப்பது எனக்கு உடன்பாடன்று.

நேர் வழி எளிது. காரில் சிகரெட் பற்றவைக்கும் துளை என்று பழங்காலத்தில் வைத்த 12 வோல்ட் துளை, பெரும்பாலும் 10 ஆம்பியருக்குக் குறையாத உருகியுடன் அமைந்தது. நூறு வாட்டுக்கு மேல் தரவல்லது. அதில் செருகும் அடாப்டர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகவோ, கைப்பேசி கேட்கும் வேறு அழுத்தமாகவோ மாற்றித் தரும். பாட்டுப்பெட்டியின் துளையை அதற்குரிய பென்டிரைவுக்கே விட்டுவிடலாம். சில கார்களில் இரு யு.எஸ்.பி. துளைகள் இருக்கும். மின்னல் குறியோ மின்கலக் குறியோ இட்டது பெரும்பாலும் மின்னேற்றத்துக்கானது. இசைக்குறியோ கைப்பேசிக் குறியோ இட்டது தகவலுக்கானது. காரின் கையேட்டில் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் என்று குறித்திருப்பார்கள்.

தொலைக்காட்சியில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியைத் தொலையியக்கியால் அணைத்ததும் பல பெட்டிகள் துளைக்குரிய மின்சாரத்தையும் நிறுத்திவிடும். இரவு செருகிவிட்டுப் படுத்தவர் காலையில் பழைய எண்ணையே காண்பது அதனால்தான். கார்களிலும் சாவியைத் திருப்பி எடுத்தால் பெரும்பாலும் அதே கதை.

மெல்ல ஏறுவது மின்கலத்தைக் கெடுக்குமோ என்று எம் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். கெடுக்காது. மெல்லிய மின்னோட்டத்தில் வெப்பம் குறைவு. மின்கலத்துக்கு அது இதமானதே. அவசரம் இல்லாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியில் செருகி வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை.

நண்பர் மின்கலத்தை மாற்றவில்லை. 12 வோல்ட் துளைக்குரிய அடாப்டர் ஒன்றை வாங்கினார். மூன்று மாதம் கழித்துத் தந்தையாரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, வேண்டுமென்றே 30 விழுக்காட்டில் புறப்பட்டாராம். வழிகாட்டி இயங்கியபடியே இருக்க, விழுப்புரம் வருவதற்குள் 90-ஐத் தாண்டிவிட்டதென்று அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னார்.